ஞாயிறு விற்ற பணம் எட்டாம் நாள் வந்தால்

கார்டு மெஷின் பணம் தாமதமாக வருகிறது என்று வங்கிக் கிளைக்குப் போய்ச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "சர்வர் பிரச்சினை சார், வந்துடும்." அந்தப் பதிலோடு திரும்பி வந்தவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். பணம் எப்படியும் வந்துவிடும். எந்த நாள் விற்பனை எந்த நாள் வந்திருக்க வேண்டும், எந்த நாள் வந்தது என்பதைக் கடைக்காரர் காட்டாதவரை அது புகார் ஆகாது, புலம்பலாகவே நிற்கும். தேதிவாரியான கணக்கு ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும், கிளை மேலாளரின் பேச்சு மாறிவிடும்.

கணக்கு புரிவதற்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஜவுளிக்கடை. மெஷின் கொடுத்த வங்கியின் கிளை கடலூர் மஞ்சக்குப்பத்தில், கடையின் ஓ.டி. கணக்கும் அங்கேதான். காலம் 2025 ஜனவரி. தேதிகளும் விடுமுறைகளும் அந்த மாதத்தில் இருந்தபடியே. கடையும் தொகைகளும் நான் போட்ட மாதிரி.

இந்த மாதத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜனவரி 11 இரண்டாம் சனி, 12 ஞாயிறு. 12-ஆம் தேதி நடராஜர் கோயில் தேர், 13 திங்கள் ஆருத்ரா தரிசனம். 14, 15, 16 பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று தமிழ்நாட்டு வங்கிகளுக்கு வரிசையாக விடுமுறை. வீதியில் வியாபாரம் உச்சத்தில் இருந்த அதே நாட்களில் வங்கி பெரும்பாலும் மூடியிருந்தது. தாமதம் எங்கே நியாயம், எங்கே நியாயமில்லை என்று பிரித்துப் பார்க்கப் பழக இதைவிட நல்ல வாரம் கிடைக்காது.

முதலில் "வர வேண்டிய நாள்" எது?

மெஷின் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுங்கள். கைவசம் இல்லையென்றால் கிளையில் நகல் கேளுங்கள். அதில் பணம் வரவு வைக்கும் காலம் "டி பிளஸ் 1" என்றோ "டி பிளஸ் 2" என்றோ இருக்கும். டி என்பது பரிவர்த்தனை நாள். பிளஸ் 1 என்றால் அதற்கடுத்த நாள். அடுத்த நாள் என்பது வங்கி வேலை நாளா, நாள்காட்டி நாளா என்பதையும் ஒப்பந்தத்திலேயே பாருங்கள். நம் கடையின் ஒப்பந்தத்தில் அடுத்த வங்கி வேலை நாள் என்று இருப்பதாகக் கொள்வோம்.

இங்கே கடலூர் மாவட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். பள்ளியும் அரசு அலுவலகமும் மூடியிருப்பதால் வங்கிக்கும் அன்று கணக்கில்லை என்று நாமே விட்டுக்கொடுத்துவிடுகிறோம். அந்த அறிவிப்பை முழுதாகப் படித்தால், இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் வராது என்றும் ஒரு வாக்கியம் இருக்கும். அதாவது வங்கிக்கு அது வேலை நாள்தான். நம் கணக்கில் ஜனவரி 13-உம் வேலை நாள். சனி, ஞாயிறு விற்பனை இரண்டும் அன்றே வந்திருக்க வேண்டும்.

இனி ஒரு நோட்டில் கோடு போடுங்கள். விற்பனைத் தொகையை ஞாபகத்திலிருந்தோ பில் புத்தகத்திலிருந்தோ எழுதக் கூடாது. தினமும் பேட்ச் மூடும்போது மெஷின் துப்பும் சீட்டில் உள்ள மொத்தத்தை எழுத வேண்டும். வந்த தொகையையும் நாளையும் பாஸ் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டும். எஸ்.எம்.எஸ்ஸை நம்ப வேண்டாம். அதுவே சில நாள் தாமதமாக வரும்.

| விற்ற நாள் | தொகை (ரூ.) | வர வேண்டிய நாள் | வந்த நாள் | தாமதம் |
|---|---|---|---|---|
| 10 வெள்ளி | 41,250 | 13 | 13 | இல்லை |
| 11 சனி | 58,600 | 13 | 17 | 4 நாள் |
| 12 ஞாயிறு | 73,900 | 13 | 20 | 7 நாள் |
| 13 திங்கள் | 62,400 | 17 | 22 | 5 நாள் |
| 16 வியாழன் | 18,300 | 17 | 22 | 5 நாள் |
| 17 வெள்ளி | 27,750 | 18 | 22 | 4 நாள் |
| 18 சனி | 36,200 | 20 | 21 | 1 நாள் |

14, 15 இரண்டு நாளும் கடை இல்லை. 18 மூன்றாம் சனி என்பதால் வங்கி உண்டு. திங்கள் விற்ற பணம் புதன் வரை காத்திருந்து ஒன்பது நாளில் வந்தது என்று கடைக்காரர் கொதிப்பார். ஆனால் இடையில் மூன்று நாள் விடுமுறை. வங்கியின் பிழை அதில் ஐந்து நாள் மட்டும். தாமதத்தை விற்ற நாளிலிருந்து எண்ணினால் வங்கி அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடும். வர வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

தொகை பொருந்தவில்லை என்பது இன்னொரு தகராறு. இந்தக் கடைக்கு மெஷின் கட்டணத்தை மாதக் கடைசியில் தனியாகப் பிடிக்கிறார்கள். அதனால் சீட்டுத் தொகையும் வரவும் ஒன்றாக இருக்கின்றன. பல வங்கிகள் தினமும் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். அப்படியானால் 13-ஆம் தேதி 62,400 ரூபாயை இப்படிப் பிரிக்க வேண்டும்: கிரெடிட் கார்டில் 38,000, மற்ற டெபிட் கார்டுகளில் 20,000, ரூபே டெபிட்டில் 4,400. பில் எல்லாமே 2,000 ரூபாய்க்கு மேல். கிரெடிட்டுக்கு ஒப்பந்தத்தில் 1.75 சதவீதம் என்றால் 665 ரூபாய். டெபிட்டுக்கு 0.90 சதவீதத்தில் 180 ரூபாய். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டிய கடைக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு அது. ரூபே டெபிட்டுக்கு 2020 ஜனவரி முதல் கட்டணமே கிடையாது. ஆக 845, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 152.10. கணக்கில் விழ வேண்டியது 61,402.90. இந்தத் தொகையைத் தேடாமல் 62,400-ஐத் தேடிக்கொண்டு பணமே வரவில்லை என்று புகார் எழுதியவர்கள் உண்டு.

கடிதம் எழுதும் முன் நம் பக்கத்தைத் தட்டிப் பார்ப்பது

மேலே உள்ள பட்டியலில் ஒரு வரி உறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏன் ஏழு நாள்? அந்த நாளின் பேட்ச் சீட்டைத் தேடினால் கிடைக்காது. 13-ஆம் தேதி காலை 9.40 மணிக்கு மூடிய சீட்டு ஒன்றுதான் இருக்கும். அதில்தான் ஞாயிறு விற்ற 73,900 மொத்தமும் இருக்கும்.

நடந்தது இதுதான். மெஷினில் கார்டைத் தேய்த்ததும் அல்லது செருகியதும் வாடிக்கையாளரின் வங்கி தொகைக்கு ஒப்புதல் தருகிறது. அந்த ஒப்புதல்களை எல்லாம் ஒரு கட்டாகச் சேர்த்து வங்கிக்கு அனுப்புவதைத்தான் பேட்ச் மூடுவது என்கிறார்கள்; திரையில் SETTLEMENT என்று இருக்கும். பல மெஷின்கள் இரவில் ஒரு குறித்த நேரத்தில் இதைத் தாமாகவே செய்யும். அந்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தாலோ, சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலோ பேட்ச் மெஷினுக்குள்ளேயே கிடக்கும். தேர் அன்று நான்கு வீதிகளிலும் நிற்க இடமில்லாத கூட்டம். அத்தனை பேர் கையிலும் செல்போன். களைத்துப்போய் மெஷினை அணைத்து டிராயரில் வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினால், ஞாயிறு விற்பனை வங்கியைப் பொறுத்தவரை திங்கட்கிழமைதான் புறப்படுகிறது.

பேட்ச் மூடிய நாளையே டி என்று எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தமானால், அந்த 73,900 ரூபாய் வர வேண்டிய நாள் 13 இல்லை, 17. தாமதம் ஏழு நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைகிறது. கடிதம் எழுதும் முன் இந்த வரியை நாமே திருத்திவிட வேண்டும். நாம் திருத்தாவிட்டால் வங்கியின் மெஷின் பிரிவு அவர்கள் பதிவைப் பார்த்துத் திருத்தும். அதோடு மற்ற ஐந்து வரிகளையும் சந்தேகத்தோடு பார்க்கும்.

இதே நேரத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: மெஷினில் உள்ள பெயர் வங்கியுடையதா, இடையில் நிற்கும் பேமென்ட் நிறுவனத்தினுடையதா? பாஸ் புத்தகத்தில் வரவின் பக்கத்தில் யார் அனுப்பியதாக இருக்கிறதோ அவர்கள்தான் உங்களுக்குப் பொறுப்பு. பேமென்ட் நிறுவனம் அனுப்பினால் முதல் புகார் அங்கே போக வேண்டும். கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை அதில் வெறும் தபால்பெட்டி. கடையில் மெஷின் வைக்கும் இத்தகைய நிறுவனங்களையும் ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட வழிமுறைகளின் கீழ் கொண்டுவந்திருக்கிறது.

வங்கி தெரிந்தே நிறுத்தி வைப்பதும் உண்டு. வழக்கமாக நாளுக்கு முப்பதாயிரம் விற்கும் மெஷினில் திடீரென்று எழுபதாயிரம் விழுந்தால், மோசடித் தடுப்புப் பிரிவு பணத்தைப் பிடித்து வைக்கும். கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் விட்டாலும் பிடிக்கும். இரண்டுக்கும் வங்கிக்கு உரிமை உண்டு. ஆனால் எந்தக் காரணத்தால், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை பிடித்தோம் என்று எழுத்தில் சொல்ல மறுப்பதற்கு நியாயம் இல்லை. நம் கடிதத்தின் முதல் கோரிக்கையே அதுதான்.

நஷ்டம் எவ்வளவு?

தாமதமான ஆறு நாளின் விற்பனை 2,77,150 ரூபாய். தொகை பெரிதாக இருப்பதால் நஷ்டமும் பெரிதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பழைய வட்டிக் கணக்குமுறையில் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு தொகையையும் அதன் தாமத நாளால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஞாயிறை மூன்று நாளாகத் திருத்திய பிறகு கூட்டுத்தொகை 10,06,800. ஓ.டி. வட்டி ஆண்டுக்கு 11 சதவீதம் என்றால் இதை 0.11-ஆல் பெருக்கி 365-ஆல் வகுக்க வேண்டும். வருவது 303 ரூபாய் 42 காசு. திருத்தாமல் ஏழு நாள் என்றே வைத்திருந்தால் 392.50. வித்தியாசம் 89 ரூபாய். இந்த 89 ரூபாய்க்காக யாராவது கடிதத்தின் நாணயத்தைக் கெடுத்துக்கொள்வார்களா?

உண்மையான அடி வேறிடத்தில் விழுந்திருக்கும். நம் கடைக்காரர் ஜவுளி கொடுத்த வியாபாரிக்கு 1,50,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்திருந்தார். அது 18-ஆம் தேதி கணக்குக்கு வந்தது. அன்று காலை ஓ.டி. வரம்பில் மிச்சம் 21,000 மட்டும். காசோலை திரும்பியது, வங்கி 500 ரூபாயும் ஜி.எஸ்.டி. 90 ரூபாயும் பிடித்தது. ஆனால் 17-ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டிய மூன்று தொகைகள் அன்றைக்கு நிலுவையில் நின்றன: 73,900, 62,400, 18,300. மொத்தம் 1,54,600. 21,000-ஐயும் சேர்த்தால் 1,75,600. பணம் நேரத்துக்கு வந்திருந்தால் காசோலை பாஸாகி இருக்கும். ஞாயிறு வரியைத் திருத்திய பிறகும் இந்த வாதம் அப்படியே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். கடிதத்தில் தடித்த எழுத்தில் வர வேண்டியது இதுதான்.

மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம், பெயர் கெட்டதற்கு ஒரு லட்சம் என்று முதல் கடிதத்திலேயே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆதாரம் உள்ள 893 ரூபாய் 42 காசைக் கேட்கும் கடிதத்துக்குக் கிளையில் பதில் வரும். லட்சம் கேட்கும் கடிதம் வங்கியின் சட்டப் பிரிவுக்குப் போய்த் தூங்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கே கழற்றிவிட வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறதே என்பார்கள். 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சுற்றறிக்கை அது. கார்டு வைத்திருப்பவரின் கணக்கில் பணம் கழிந்து, கடையில் சீட்டு வராமல் போன பரிவர்த்தனைக்கு உரியது. ஐந்து நாளுக்குள் பணம் திரும்பாவிட்டால் அந்த வாடிக்கையாளருக்கு 100 ரூபாய். சீட்டு வந்து, துணியும் கொடுத்து, வங்கியிடமிருந்து தன் பணத்துக்குக் காத்திருக்கும் கடைக்காரரை அது குறிக்கவில்லை. அவர் பிடித்து நிற்க வேண்டியது தன் ஒப்பந்தத்தை.

கடிதம்

பெறுநர்: கிளை மேலாளர், … வங்கி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பொருள்: கார்டு மெஷின் விற்பனைத் தொகை ஒப்பந்த நாளைக் கடந்து வரவு வைக்கப்பட்டது பற்றி. எம்.ஐ.டி. எண் …, டி.ஐ.டி. எண் …, கணக்கு எண் …

ஐயா,

எங்கள் சிதம்பரம் கடையில் தங்கள் வங்கியின் மெஷின் மூலம் நடந்த விற்பனைத் தொகை, ஒப்பந்தத்தின் … பிரிவுப்படி அடுத்த வங்கி வேலை நாளில் வரவு வைக்கப்பட வேண்டும். 11.01.2025 முதல் 18.01.2025 வரை நடந்த ஆறு நாள் விற்பனை, மொத்தம் ரூ. 2,77,150, ஒன்று முதல் ஐந்து நாள் வரை தாமதமாக வந்துள்ளது. நாள்வாரிப் பட்டியல், பேட்ச் சீட்டு நகல்கள், கணக்கு அறிக்கை இணைத்துள்ளேன். 12.01.2025 விற்பனையின் பேட்ச் 13.01.2025 காலையில் மூடப்பட்டதால் அதற்கு உரிய நாளை 17.01.2025 என்றே கணக்கிட்டுள்ளேன்.

17.01.2025-க்குள் வர வேண்டிய ரூ. 1,54,600 வராததால், 18.01.2025 அன்று ரூ. 1,50,000-க்கான எங்கள் காசோலை திரும்பியது.

ஒவ்வொரு பேட்ச்சும் தாமதமானதன் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும், ஓ.டி. வட்டி ரூ. 303.42, காசோலை திரும்பிய கட்டணம் ரூ. 590 ஆகியவற்றை எங்கள் கணக்கில் வரவு வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் புகார் எண் தரவும்.

இவ்வளவு போதும். எம்.ஐ.டி. என்பது கடைக்கு வங்கி கொடுத்த எண், டி.ஐ.டி. என்பது அந்த மெஷினின் எண். சீட்டின் தலைப்பில் MID, TID என்று இரண்டும் அச்சாகியிருக்கும். கடலூரிலும் சிதம்பரத்திலும் இரண்டு கடை, இரண்டு மெஷின் வைத்திருப்பவர்கள் டி.ஐ.டி. வாரியாகத் தனித்தனிப் பட்டியல் போட வேண்டும். கலந்து போட்டால் எந்தத் தொகையும் எதனோடும் பொருந்தாது. ஒரே ஒரு பரிவர்த்தனை மட்டும் தொலைந்திருந்தால் சீட்டில் RRN என்று வரும் பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். அந்த எண் இருந்தால் மெஷின் பிரிவு சில நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

சீட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெப்பத்தில் அச்சாகும் தாள். கடலூர் வெயிலில் கல்லாப்பெட்டிக்கு மேல் கிடந்தால் இரண்டே மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். மூடிய அன்றே செல்போனில் படம் எடுங்கள், மாதம் ஒருமுறை ஜெராக்ஸ் போடுங்கள்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏற நேரமில்லை என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை வங்கியின் குறைதீர் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் 30 நாள் ஓடத் தொடங்கும்.

பதில் வராவிட்டால்

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. cms.rbi.org.in தளத்தில் வங்கிக்குக் கொடுத்த கடிதம், அதன் ஒப்புகை, நாள்வாரிப் பட்டியல் மூன்றையும் ஏற்ற வேண்டும். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். வங்கிக்கு எழுதும் கடிதத்தின் அடியிலேயே "நகல்: ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்" என்று போட்டு அனுப்பிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். குறைதீர்ப்பாளருக்கு நேரடியாக எழுதப்படாத நகலை அவர்கள் புகாராகவே எடுத்துக்கொள்வதில்லை. முதலில் வங்கி, 30 நாள் கழித்து தனியாக அங்கே.

கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அங்கே போகலாமே என்று கேட்பார்கள். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் சட்டம் 2019 விலக்கி வைக்கிறது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காகத் தொழில் நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பங்குத் தரகர் ஒருவர் ஓ.டி. விவகாரத்தில் வங்கியின் மேல் தொடுத்த வழக்கில், அவர் நுகர்வோர் அல்ல என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவனும் மனைவியும் நின்று நடத்தும் சிறு கடைக்கு ஆணையத்தில் இடம் கிடைக்கலாம். பத்துப் பேர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு முதல் நாளிலேயே இந்தக் கேள்வி எழும். 893 ரூபாய்க்கு நான் அந்தப் படியேறச் சொல்ல மாட்டேன்.

வங்கி 590 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் எழுதிக் கொடுத்தால் அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள். காசோலை வாங்கிய வியாபாரியிடம் காட்ட அது உதவும். அடுத்து ஆனித் திருமஞ்சனத் தேர் வரும்போது, இரவு ஷட்டரை இறக்கும் முன் மெஷினை அணைக்காதீர்கள். நீங்களே SETTLEMENT கொடுத்து, சீட்டு வெளியே வந்து, அதில் அன்றைய தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.